கிளிக் விலை ஏறினால் தானே நிற்கும் விளம்பரம்

சுவர் விளம்பரம், நோட்டீஸ், ஆட்டோவில் ஒலிபெருக்கி என்று நாம் செலவு செய்த காலத்தில் ஒரு வசதி இருந்தது. செலவு முன்கூட்டியே தெரியும். ஆயிரம் நோட்டீசுக்கு அச்சகம் சொன்ன விலைதான் விலை. நடுவில் அது ஏறாது. இன்று ஒரத்தநாடு கடைத்தெருவில் பலசரக்குக் கடைக்காரர்கள் பலர் ஃபேஸ்புக்கில் தம் கடையின் பதிவைப் பணம் கட்டிப் பரப்புகிறார்கள். இதற்குப் பூஸ்ட் என்று பெயர். இந்த விளம்பரத்தின் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, தீபாவளி வாரத்தில் வேறொன்று. தராசைப் பார்க்காமல் சரக்குப் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகிறது.

ஆனால் இந்த விளம்பரத்துக்கு ஒரு காவலாளியைப் போட்டு வைக்கலாம். "ஒரு கிளிக்குக்கு இத்தனை ரூபாய்க்கு மேல் போனால் நிறுத்து" என்று ஒரு முறை எழுதி வைத்தால், நாம் தூங்கும்போதும் அது பார்த்துக்கொண்டிருக்கும். அந்த விதியை எப்படி எழுதுவது, எந்தத் தொகையை வைப்பது, எங்கே அது நம்மை ஏமாற்றும் என்பதை மட்டும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

விலை ஏன் ஏறி இறங்குகிறது?

பாபநாசம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்திக்கு மறைமுக ஏலம் நடப்பதை நம்மில் பலர் அறிவோம். வியாபாரிகள் ஒவ்வொருவரும் தம் விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். அன்றைக்கு வந்த வியாபாரிகள் அதிகமானால் விலை ஏறும், குறைந்தால் இறங்கும். ஃபேஸ்புக்கிலும் ஏலம்தான். ஒரத்தநாட்டில் ஓர் இல்லத்தரசி தன் போனைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், அவர் கண்ணில் படப்போகும் அந்த ஓர் இடத்துக்காக ஒரு நொடிக்குள் ஏலம் நடந்து முடிகிறது. அந்த ஏலத்தில் நம்மோடு போட்டியிடுவது பக்கத்து மளிகைக்கடை மட்டுமல்ல. தஞ்சாவூர் ஜவுளிக்கடை, கும்பகோணம் நகைக்கடை, வீட்டுக்கே சாமான் அனுப்பும் பெரிய கம்பெனிகள் எல்லாம் அதே பெண்மணியின் கண்ணைத்தான் கேட்கிறார்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் விலை உயர்வதற்குக் காரணம் இதுதான்.

பருத்தி ஏலத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே அதிகத் தொகை சொன்னவனே எப்போதும் ஜெயிப்பதில்லை. இந்த விளம்பரத்தைப் பார்ப்பவர் தொடுவாரா, விளம்பரம் தரமாக இருக்கிறதா என்பதையும் கூட்டிப் பார்த்து இடம் கொடுக்கிறார்கள். ஆகவே ஜனங்கள் விரும்பித் தொடும் பதிவுக்கு மலிவாக இடம் கிடைக்கும். யாரும் தொடாத பதிவுக்கு விலை ஏறும்.

அடுத்து முக்கியமான சங்கதி. நம்மிடம் பெரும்பாலும் பணம் வாங்குவது கிளிக்குக்கு அல்ல, பதிவைக் காட்டியதற்கு. ஆயிரம் தடவை காட்ட இவ்வளவு என்று கணக்கு. அப்படிச் செலவான மொத்தத்தை வந்த கிளிக்குகளால் வகுத்து வருவதே கிளிக் விலை. எனவே அது இரண்டு காரணங்களால் ஏறலாம். காட்டுகிற விலை ஏறியிருக்கலாம். அல்லது காட்டுகிற விலை அப்படியே இருக்க, தொடுகிற ஆட்கள் குறைந்திருக்கலாம். முதலாவது சந்தையின் வேலை. இரண்டாவது நம் பதிவின் குறை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

நமக்குக் கட்டுப்படியாகும் விலை எது?

விதி எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். பலர் அடுத்த கடைக்காரரிடம் "அண்ணே, நீங்க எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்று கேட்டு அதே தொகையை வைத்துவிடுகிறார்கள். அவருடைய லாபம் வேறு, நம் லாபம் வேறு.

கணக்குக்காக ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். தீபாவளிப் பலகாரச் சாமான்களுக்கு, அதாவது கடலைமாவு, மைதா, சர்க்கரை, நெய், எண்ணெய் ஆகியவற்றுக்கு, விலைப்பட்டியலைப் படமாகப் போட்டு, தொட்டால் கடையின் வாட்ஸ்அப் திறக்கும்படி அவர் பூஸ்ட் செய்கிறார். 100 பேர் தொட்டால் 20 பேர் செய்தி அனுப்புகிறார்கள். அந்த 20 பேரில் 5 பேர் சாமான் வாங்குகிறார்கள். ஒருவர் சராசரியாக 1,200 ரூபாய்க்கு வாங்குகிறார். அதில் எல்லாச் செலவும் போக 8 சதவீதம், அதாவது 96 ரூபாய் நிற்கிறது. ஆக 100 கிளிக்கில் கிடைப்பது 480 ரூபாய். ஒரு கிளிக்குக்கு 4 ரூபாய் 80 காசு. அதற்குமேல் கொடுத்தால் நஷ்டம்.

இதில் ஜி.எஸ்.டி.யை மறக்கக்கூடாது. விளம்பரத்துக்கு 18 சதவீதம் வரி. திரையில் காட்டும் கிளிக் விலையில் அது சேராது. வழக்கமான முறையில் வரி கட்டும் கடைக்காரர், தம் ஜி.எஸ்.டி. எண்ணைக் கணக்கில் கொடுத்து உரிய பில்லைப் பெற்றால், உள்ளீட்டு வரியாக அதைக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. வரியும் அவர் கைச்செலவுதான். அவருக்கு 4 ரூபாய் 80 காசை 1.18 ஆல் வகுத்தால் சுமார் 4 ரூபாய் 7 காசு. திரையில் தெரியும் விலை அதைத் தாண்டினால் அவர் தம் கைப்பணத்தைப் போடுகிறார்.

இது வரவும் செலவும் சரியாகும் இடம். சரிக்குச் சரி வியாபாரம் செய்ய யாரும் கடை திறப்பதில்லை. ஆகவே நம் கடைக்காரர் 3 ரூபாயை உச்சவரம்பாக வைக்கிறார் என்று கொள்வோம். 100 பேரில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது தெரியாதவர்கள், ஒரு வாரம் வாட்ஸ்அப்பில் வந்தவர்களைச் சிட்டையில் தனியே குறித்து வரவேண்டும். அது இல்லாமல் வைக்கும் எந்த வரம்பும் குருட்டு வரம்பே.

நேரம் குறித்துப் போடுவது

போனில் பதிவுக்குக் கீழே வரும் `Boost post` பொத்தானை அழுத்தினால் தொகையும் நாளும் மட்டும்தான் முக்கியமாகக் கேட்கும். நேரம் குறிக்கவும் விதி எழுதவும் `Ads Manager` என்ற பக்கத்துக்குப் போகவேண்டும். கம்ப்யூட்டரில் செய்வது நல்லது. பொத்தானை அழுத்திப் பூஸ்ட் செய்த பழைய பதிவுகளும் அங்கே வரிசையில் இருக்கும்.

அங்கே புது விளம்பரம் தொடங்கி, `Use existing post` என்பதில் கடையின் பக்கத்தில் ஏற்கெனவே போட்ட பதிவைத் தேர்ந்தெடுக்கலாம். ஊரைக் குறிக்கும்போது பெயரை மட்டும் எழுதாமல், வரைபடத்தில் கடை இருக்கும் இடத்தில் குறி வைத்துச் சுற்றளவைக் கொடுப்பது மேல். கண்ணந்தங்குடிக்காரர் சாமான் வாங்க வருவார்; தஞ்சாவூர்க்காரர் வரமாட்டார்.

தொகையில் இரண்டு வகை. `Daily budget` என்பது தினப்படி. `Lifetime budget` என்பது மொத்தக் குத்தகை. மணிக்கணக்கு குறிப்பதற்கு, அதாவது `Run ads on a schedule` என்ற வசதிக்கு, மொத்தத் தொகை முறை வேண்டும். அதில் வாரத்தின் ஏழு நாளும் 24 மணியும் கட்டங்களாக வரும். வேண்டிய கட்டங்களை நிரப்பினால் போதும். பலசரக்குக் கடைக்கு மதியம் 1 முதல் 4 மணி, இரவு 7 முதல் 10 மணி என்று வைத்துப் பார்க்கலாம். செய்தி வந்தால் பதில் சொல்லக் கடையில் ஆள் இருக்கும் நேரத்தை வைப்பதே முறை. நள்ளிரவில் வந்த செய்திக்கு மறுநாள் பத்து மணிக்குப் பதில் போனால் அந்த வாடிக்கையாளர் வேறு கடையில் வாங்கியிருப்பார்.

தினப்படி வைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 200 ரூபாய் என்று வைத்தால் தினமும் சரியாக 200 போகும் என்பதில்லை. ஒரு நாள் கூடுதலாகவும் ஒரு நாள் குறைவாகவும் போகும்; வாரக் கணக்கில்தான் ஏழு மடங்குக்குள் நிற்கும்.

விதி எழுதும் முறை

`Ads Manager` பக்கத்தில் நம் விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்து, `Create rule` என்பதைத் திறந்தால் ஒரு படிவம் வரும். அதில் நிரப்ப வேண்டியவை ஐந்து.

முதலாவது, விதி எதற்குப் பொருந்தும் என்பது. நாம் தேர்ந்தெடுத்த அந்த விளம்பரத்துக்கு மட்டும் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் என்று வைத்தால், கடை திறப்பு விழா விளம்பரத்தையும் கடலைமாவுக்கு வைத்த வரம்பே நிறுத்திவிடும்.

இரண்டாவது, என்ன செய்ய வேண்டும் என்பது. இங்கே விளம்பரத்தை அணைப்பதும் இருக்கும். `Send notification only`, அதாவது நிறுத்தாமல் தகவல் மட்டும் சொல்வதும் இருக்கும். முதல் மூன்று நாள் தகவல் மட்டும் வைத்து, விதி எப்போது கூப்பிடுகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு அணைக்கச் சொல்வது நல்லது.

மூன்றாவது, நிபந்தனை. இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கிளிக் விலை என்று இரண்டு இருக்கிறது. `CPC (all)` என்பதில் லைக் போட்டதும், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும், "மேலும்" என்பதைத் தொட்டதும் எல்லாம் சேரும். `CPC (cost per link click)` என்பதில் நம் இணைப்பைத் தொட்டவர்கள் மட்டுமே சேருவார்கள். முதலாவது எப்போதும் மலிவாகத் தெரியும். அதைப் பார்த்து 3 ரூபாய் வரம்பு வைத்தால், இணைப்பைத் தொட்டவருக்கு 9 ரூபாய் ஆனாலும் விதி அசையாது. இரண்டாவதைத்தான் வைக்க வேண்டும்.

நிபந்தனை ஒன்று போதாது; செலவையும் சேர்க்க வேண்டும். இணைப்பைத் தொட்ட விலை 3 ரூபாய்க்கு மேல், அத்துடன் செலவு 60 ரூபாய்க்கு மேல் என்று இரண்டையும் எழுதினால், இரண்டும் ஒன்றாக நடந்தால்தான் விதி வேலை செய்யும். ஏன் 60? 2 ரூபாய்க்கு ஒரு கிளிக் வரக்கூடிய நல்ல விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம். 15 ரூபாய் செலவான நேரத்தில் ஏழெட்டு கிளிக் வரவேண்டும். வெறும் தற்செயலால் நாலாகக் குறைவது எட்டுக்கு ஒரு முறை நடக்கும். அப்போதே விலை 3 ரூபாயைத் தாண்டி, நல்ல விளம்பரம் காலை முதல் போணியிலேயே அணைந்துவிடும். 60 ரூபாய் செலவான பிறகோ 30 கிளிக் வரவேண்டிய இடத்தில் 20க்குக் கீழே தற்செயலாகக் குறைவது சுமார் ஐம்பதுக்கு ஒரு முறைதான் நடக்கும். வரம்பு எவ்வளவோ, அதைப்போல் இருபது மடங்கு செலவான பின் விதி விழிக்கட்டும் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

கிளிக்கே வராத விளம்பரத்துக்கு இரண்டாவது விதி ஒன்று தனியாக எழுதுவது பாதுகாப்பு. வகுப்பதற்குக் கிளிக் இல்லாதபோது விலை என்ற எண்ணே இல்லை. ஆகவே "செலவு 60 ரூபாய்க்கு மேல், இணைப்புக் கிளிக் 10க்குக் கீழே என்றால் அணை" என்று எழுதிவிட வேண்டும். ஒரே விதியில் இதையும் சேர்த்து எழுதினால் எல்லா நிபந்தனையும் ஒன்றாக நடக்கக் காத்திருக்கும். அதனால் தனி விதி.

நான்காவது, எந்தக் காலத்துக் கணக்கு என்பது. இன்று மட்டும் என்றும் வைக்கலாம். கடந்த 3 நாள், 7 நாள் என்றும் வைக்கலாம். பத்து நாள் பண்டிகை விளம்பரத்துக்கு இன்று என்பதே சரி. ஏழு நாள் என்று வைத்தால் முதல் ஐந்து நாளின் மலிவு, கடைசி இரண்டு நாளின் நஷ்டத்தை மறைத்துவிடும். தினம் 50 ரூபாய்க்கும் குறைவாகச் செலவு செய்பவருக்கு மட்டும் 3 நாள் பொருந்தும். அவருக்கு ஒரே நாளில் 60 ரூபாய் சேராது.

ஐந்தாவது, எத்தனை முறை பார்க்க வேண்டும் என்பது. `Continuously` என்று வைத்தால் சுமார் அரைமணிக்கு ஒரு முறை பார்க்கும். நொடிக்கு நொடி அல்ல. அந்த இடைவெளியில் போகும் பணம் போனதுதான். தினம் 200 ரூபாய் செலவுக்கு இது பொருட்டல்ல. 5,000 ரூபாய் போடுபவர் கவனிக்க வேண்டும்.

ஒரு வாரக் கணக்கு

மேலே சொன்ன கடைக்காரர் 10 நாளைக்கு 2,000 ரூபாய் வைக்கிறார். முதல் நாள் 200 ரூபாய் செலவு, ஆயிரம் தடவை காட்ட 20 ரூபாய் வீதம் 10,000 தடவை காட்டியாயிற்று, 100 கிளிக். விலை 2 ரூபாய். ஐந்தாம் நாள் வரை இப்படியே போகிறது. ஆறாம் நாள் பிற்பகல் விதி அணைத்துவிட்டதாகத் தகவல் வருகிறது. இப்போது இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று `CPM (cost per 1,000 impressions)`. இது 20லிருந்து 32 ஆக ஏறி, நூறு தடவைக்கு ஒருவர் தொடுவது மட்டும் மாறாமல் இருந்தால், கிளிக் விலை 3 ரூபாய் 20 காசு. இது பண்டிகை ஏலத்தின் வேலை. பதிவில் குறை இல்லை. அவருக்கு இரண்டு வழி. நிறுத்தியது நிறுத்தியபடி இருக்கட்டும் என்று பழைய வாடிக்கையாளர்களுக்கு நேரடியாக வாட்ஸ்அப் அனுப்பலாம். அல்லது பண்டிகை நேரத்தில் ஒருவர் 1,800 ரூபாய்க்கு வாங்குகிறார் என்று சிட்டை சொன்னால், கணக்கைத் திரும்பப் போட்டு வரம்பை உயர்த்தலாம். சிட்டை சொல்லாமல் உயர்த்தக்கூடாது.

இன்னொன்று `CTR (link click-through rate)`. காட்டுகிற விலை அதே 20 ரூபாயாக இருக்க, இது 1 சதவீதத்திலிருந்து அரை சதவீதமாக இறங்கினால் கிளிக் விலை 4 ரூபாய். அப்போது `Frequency` என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு ஆளுக்குச் சராசரியாக எத்தனை தடவை காட்டியிருக்கிறது என்பது அது. நம் சுற்றுவட்டாரம் சிறியது. 12,000 பேர் இருக்கும் வட்டத்தில் ஐந்து நாளில் 50,000 தடவை காட்டினால் ஆளுக்கு நாலு தடவைக்கு மேல். வாங்க வேண்டியவர் வாங்கிவிட்டார், மற்றவருக்குச் சலித்துவிட்டது. வரம்பை உயர்த்துவது இதற்கு மருந்தாகாது. படத்தையும் சாமானையும் மாற்றிப் புதுப் பதிவு போட வேண்டும், அல்லது பாப்பாநாடு பக்கம் வரை வட்டத்தை அகலமாக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய மூன்று பள்ளங்கள்

அணைந்த விளம்பரம் தானாக எரியாது. மறுநாள் விலை இறங்கினாலும் அது அணைந்தே கிடக்கும். திரும்ப எரிய வேறொரு விதி எழுதலாம் என்றாலும், காலையில் கடை திறந்ததும் காரணத்தைப் பார்த்துவிட்டுக் கையால் தொடங்குவதே சிறு கடைக்கு நல்லது.

மொத்தத் தொகை வைத்த விளம்பரம் மூன்று நாள் அணைந்திருந்தால், முடிவுத் தேதி தள்ளிப்போகாது. மீதமுள்ள பணம் மீதமுள்ள நாட்களில் அடைக்கப்படும். 1,000 ரூபாய் ஐந்து நாளுக்கு என்று இருந்தது, இரண்டு நாளுக்கு என்று ஆகிவிடும், நாளுக்கு 500. அவசரமாகச் செலவழிக்கும்போது விலை இன்னும் ஏறும். ஆகவே திரும்பத் தொடங்குமுன் மொத்தத் தொகையைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது நம் டெல்டாவுக்கே உரியது. பல கடைகளின் விளம்பரக் கணக்கைச் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் மகனோ மருமகனோ தொடங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கணக்கின் நேரமும் நாணயமும் அந்த ஊருடையதாக இருக்கலாம். சிங்கப்பூர் நேரமானால் "இன்று" என்பது நமக்கு இரவு 9.30க்கே முடிந்து, கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இரவு வியாபாரத்தை விதி சரியாகப் பார்க்காது. நாணயம் டாலரானால், 3 என்று எழுதியது 3 ரூபாய் அல்ல, 3 டாலர். அந்த விதி ஒருநாளும் விழிக்காது. பின்னால் இவற்றை மாற்றுவது என்றால் பழைய கணக்கு மூடப்பட்டுப் புதுக் கணக்குதான் திறக்கும். எனவே விதி எழுதுவதற்கு முன் கணக்கின் அமைப்பில் இந்திய நேரம், இந்திய ரூபாய் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

விதி கிளிக்கின் விலையைத்தான் பார்க்கும்; தொட்டவர் வாங்கினாரா என்பது அதற்குத் தெரியாது. 2 ரூபாய்க்கு வந்த 100 பேரில் ஒருவரும் வாங்காவிட்டாலும் அது சும்மா இருக்கும். அதைப் பார்க்க வேண்டியது கல்லாவில் இருப்பவர்தான். ஆகவே தினம் கடை கட்டும்போது சிட்டையில் நாலு எண்ணை எழுதுங்கள்: இன்றைய விளம்பரச் செலவு, இணைப்புக் கிளிக், வாட்ஸ்அப்பில் வந்தவர்கள், அதில் சாமான் வாங்கியவர்கள். ஒரு பண்டிகைக்கு எழுதி வைத்த இந்த நாலு வரிதான் அடுத்த பண்டிகைக்கு எவ்வளவு வரம்பு வைக்கலாம் என்று சொல்லும்.